இருபது குட்டிகளின் கணக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து கிடாக்குட்டி வாங்கி வளர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு கணக்கும் அனுப்பியிருந்தாய். குட்டி ஒன்று 4,500 ரூபாய், இருபது குட்டிக்கு 90,000. ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் 25 கிலோ வரும், உயிர் எடை கிலோ 450 ரூபாய்க்குப் போகும், மொத்தம் 2,25,000. ஆக லாபம் 1,35,000 என்று முடித்திருக்கிறாய். தொழில் தப்பில்லை. கணக்கில்தான் வரிகள் குறைகின்றன. விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காட்டுகிறேன், பிறகு நீயே முடிவு செய்.

முதலில் வாங்கும் இடம். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் குட்டியைத் தராசில் போட்டு விற்க மாட்டார்கள். கண் மதிப்புக்குத்தான் விலை. விற்கும்போது உன் கிடாவை வியாபாரி தராசில் தொங்கவிட்டு வாங்குவார். வாங்குவது மதிப்புக்கு, விற்பது எடைக்கு என்ற இந்த வித்தியாசத்தில்தான் புதிதாக வருபவர்கள் பாதிப் பணத்தை விடுகிறார்கள். நாலு மாதக் குட்டி பத்து கிலோ என்று நினைத்து 4,500 கொடுத்தால், கிலோ 450 ஆகிறது. அதே குட்டி உண்மையில் எட்டரை கிலோதான் என்றால் கிலோ 530-க்கு வாங்கியிருக்கிறாய். சந்தைக்கு வருமுன் தண்ணீரை நிறையக் குடிக்க வைத்து வயிற்றை உப்ப வைப்பவர்களும் உண்டு. அதனால் கையில் ஒரு தொங்கு தராசு கொண்டு போ. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, தூக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசு.

விற்கும் விலையை 400 என்று வைத்துக்கொள். வாரத்துக்கு வாரம் மாறும். நல்ல வாரத்து விலையைக் கணக்கில் எழுதக் கூடாது. அப்படியானால் நீ 450-க்கு வாங்கிய பத்து கிலோவை 400-க்குத்தான் விற்கப் போகிறாய். குட்டி வீட்டுக்கு வந்த அன்றே ஒன்றுக்கு 500 ரூபாய் நஷ்டம். உன் லாபம் முழுக்க, அந்தக் குட்டி உன் கையில் போடும் புது எடையிலிருந்துதான் வர வேண்டும்.

அந்தப் புது எடை எவ்வளவு? நம் பக்கத்துக் கன்னி ஆட்டுக் கிடாக்குட்டி, பகலில் மேய்ச்சலும் சாயங்காலம் கொஞ்சம் அடர்தீவனமும் கிடைத்தால், நாளொன்றுக்கு 60, 70 கிராம் ஏறும். வந்த புதிதில் இரண்டு வாரம் ஏறவே ஏறாது, சில குட்டி இளைக்கும். ஆறு மாதத்தில் 11 கிலோ ஏறினால் நல்ல வளர்ப்பு என்பேன். பத்தும் பதினொன்றும் 21 கிலோ. இதுவும் வெறும் வயிற்று எடைதான். மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த கிடா ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும், ஆனால் அனுபவமுள்ள வியாபாரி காலையில் பட்டியைத் திறக்கும் முன்பே வந்து நிற்பார். உன் 25 கிலோவை மறந்துவிடு.

அடுத்து தீவனம். அடர்தீவனம் சராசரி 150 கிராம், கிலோ 30 ரூபாய் என்றால் நாளைக்கு நாலரை ரூபாய். கடலைக்கொடி 200 கிராம், இரண்டு ரூபாய். ஆக ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு ஆறரை ரூபாய், 180 நாளைக்கு 1,170. இது மேய்ச்சல் சும்மா கிடைக்கும் என்ற கணக்கு. தை மாதம் வாங்கினால் உளுந்து, பாசிப்பயறு எடுத்த கரிசல் காட்டில் நன்றாக மேயும். சித்திரை, வைகாசியில் காடு காய்ந்துவிடும். அப்போது கைகொடுக்க கடலைக்கொடியையும் உளுந்தம்பொட்டையும் அறுவடைச் சமயத்திலேயே மலிவாக வாங்கி நனையாமல் அடுக்கி வை. பரண் போட்டு அடைத்தே வளர்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பசுந்தீவனத்தையும் காசுக்கு வாங்கினால் இந்த ஆறரை ரூபாய் பதின்மூன்று ஆகிவிடும். அது என்ன செய்யும் என்று பின்னால் காட்டுகிறேன்.

ஒரு குட்டியின் கணக்கு இப்போது முழுதாகிறது. புது எடை 11 கிலோவுக்கு 4,400 ரூபாய். வாங்கிய எடையில் நஷ்டம் 500. தீவனம் 1,170. பூச்சி மருந்து, தாது உப்பு, வைத்தியம் எல்லாம் சேர்த்து 150. தரகு, வண்டி வாடகை 125. மிச்சம் 2,455. இருபது குட்டிக்கு 49,100 ரூபாய். ஒரு குட்டியும் சாகாவிட்டால்.

சாகும். இதை நீ எழுதவே இல்லை, ஆனால் கணக்கை ஆட்டி வைப்பது இந்த வரிதான். இருபதில் இரண்டு போகிறது என்று வை. ஒன்று வந்த பத்தாம் நாள், இன்னொன்று நாலாவது மாதம். மிஞ்சிய 18 கிடா, 378 கிலோ, 1,51,200 ரூபாய். குட்டி விலை 90,000, தரகும் வண்டியும் 2,500, தீவனம் செத்தவை தின்றதையும் சேர்த்து 21,840, மருந்து 3,000. மொத்தச் செலவு 1,17,340. கையில் 33,860. இரண்டு குட்டி போனதில் லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நாலு போனால் லாபம் 18,000 சொச்சம்தான். ஆறு போனால் இதற்காக நீ வாங்கும் நகைக்கடனின் வட்டிக்கே காணாது.

அதனால் மருந்துச் செலவில் மிச்சம் பிடிக்காதே. எங்கே சாகும், ஏன் சாகும் என்று தெரிந்துகொள். பெரும்பாலான சாவு முதல் மூன்று வாரத்தில்தான். சந்தைக்குப் பல ஊர்க் குட்டிகள் வரும். அங்கே ஒன்றோடு ஒன்று உரசி ஆட்டுக்கொல்லி நோய் தொற்றும். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், பிறகு கழிச்சல். அரசு கால்நடை மருந்தகத்தில் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஒரு ஊசி மூன்று வருடம் தாங்கும். ஆனால் ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஏற்கெனவே நோய் தொற்றிய குட்டியை அது காப்பாற்றாது. எனவே முடிந்தால் சந்தையை விட்டு, ஊசி போட்ட ஒரே கிடையிலிருந்து பத்துக் குட்டியாகப் பேசி வாங்கு. குட்டிக்கு 200 ரூபாய் கூடக் கேட்டாலும் கொடு. ஒரு சாவைத் தவிர்த்தால் அது திரும்பி வந்துவிடும். வாங்கி வந்ததை அம்மா வளர்க்கும் ஆடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டு. முதல் வாரம் கடலைக்கொடியும் வேப்பங்குழையும் போதும். அடர்தீவனத்தை 50 கிராமில் தொடங்கி மெல்லக் கூட்டு.

பிந்தைய சாவு வேறு மாதிரி. சாயங்காலம் துள்ளி விளையாடிய கிடா விடியும்போது விறைத்துக் கிடக்கும். துள்ளுமாரி என்பது இதுதான். கோடை மழைக்குப் பின் துளிர்த்த பச்சையை வயிறு முட்ட மேய்ந்தாலோ, தானியத்தைத் திடீரென்று கூட்டினாலோ வரும். மந்தையில் கொழுத்த கிடாதான் முதலில் போகும், அதாவது உன் செலவு அதிகம் ஏறியது. இதற்கும் தடுப்பூசி உண்டு, மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் காய்ந்த தட்டை கொஞ்சம் தின்ன வைத்து, பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடு.

சாகாமலே நஷ்டம் தருவது குடற்புழு. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், காலையில் வெறும் வயிற்றில் எடை போட்டு நோட்டில் எழுது. மாதம் இரண்டு கிலோ ஏற வேண்டிய இடத்தில் ஒரு கிலோகூட ஏறாத குட்டியின் கீழ் இமையை விரித்துப் பார். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தால், புழு ரத்தத்தைக் குடிக்கிறது. புழுக்கையை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்லும் மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் கொடு. குத்துமதிப்பாகக் குறைத்து ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பக்ரீத் விலையை நினைத்து 450 போட்டிருக்கிறாய் போலிருக்கிறது. குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், பல் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஊனமும் இருக்கக் கூடாது. உன் கிடா பத்து மாதம்தான், அந்தச் சந்தைக்கு ஆகாது. தையில் வாங்கியதை ஆடிக் கொடைகளுக்கு விற்கத் திட்டமிடு. புரட்டாசி வரை இழுத்தால் கறி தின்பவர் குறைவு, விலை கீழே நிற்கும்.

இனி முடிவுக்கு வா. இரண்டு சாவோடு நின்ற 33,860-ல் கடன் வட்டி 4,600 கழித்தால் சுமார் 29,000. நாளைக்கு மூன்று மணி நேர வேலை என்றால் 180 நாளுக்கு 540 மணி நேரம். மணிக்கு 54 ரூபாய் கூலி. அம்மாவுக்கோ உனக்கோ வேறு வேலையின் நடுவே இது வந்தால் நல்ல வருமானம். இதை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விட்டால் மாதம் ஐந்தாயிரம்கூட வராது. பரணில் அடைத்துத் தீவனம் முழுக்க வாங்கினால் வட்டிக்கு முன்னமே 12,000-தான் மிஞ்சும். பரண் போட்ட செலவு அதில் சேரவில்லை. இருபதை நூறாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. நூறு குட்டிக்கு இலவச மேய்ச்சல் நம் ஊரில் இல்லை, சம்பள ஆள் வேண்டும், நோய் வந்தால் அதே வேகத்தில் பரவும்.

வேலையை விடாதே. இந்தத் தையில் பத்துக் குட்டி மட்டும் வாங்கி அம்மாவிடம் விடு, எடை நோட்டை நீ பார். ஆடியில் விற்றுக் கணக்கு முடித்த பிறகு, செத்ததும் வட்டியும் கழித்து உயிரோடு விற்ற கிடா ஒன்றுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் நின்றால் அடுத்த தையில் இருபது வாங்கு. நிற்காவிட்டால் பத்தோடு நிறுத்திக்கொள்.

அன்புடன்,
மாமா