மொழிபெயர்ப்பாளர் முன்னுரையைத் திருத்தி எழுதும் முறை

ஹெல்சிங்கி பிரகடனத்தைத் தமிழில் பெயர்த்து முடித்த கையோடு அரைப் பக்கத்துக்கு ஒரு முன்னுரை எழுதினேன். "மூலத்தின் பொருள் சிதையாமல், அனைவருக்கும் புரியும் எளிய நடையில் இம்மொழிபெயர்ப்பு அமைந்துள்ளது. கலைச்சொற்கள் தமிழ் மரபுக்கேற்பக் கையாளப்பட்டுள்ளன. பிழைகள் இருப்பின் பொறுத்தருள்க." இவ்வளவுதான் அதன் சாரம். ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் பொது உறுப்பினராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிரதியை வாசித்துவிட்டு வந்தார். "சார், பிள்ளை வேண்டாம்னு சொன்னா அதை மதிக்க வேண்டும்னு போட்டிருக்கீங்களே, அது கட்டாயமா, இல்ல அப்படிச் செய்யறது முறைன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். ஆங்கில மூலத்தில் அதற்குத் தெளிவான விடை இருக்கிறது. என் தமிழில் இல்லை, முன்னுரையிலும் இல்லை. அன்று அந்த முன்னுரையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதன்பின் மற்றவர்களின் முன்னுரைகளையும் திருத்திக் கொடுத்து வருகிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்வது ஹெல்சிங்கி பிரகடனம். உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்றது, பலமுறை திருத்தப்பட்டது. கடைசித் திருத்தம் 2024 அக்டோபரில் வந்தது. அச்சங்கத்தின் ஆட்சிமொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்றுமே. நம் நாட்டு நெறிமுறைக் குழுக்களில் மருத்துவம் படிக்காத பொது உறுப்பினரும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி. இந்தப் பிரகடனத்தின் தமிழ்ப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் உட்காரப்போவது அவர்தான். முன்னுரையை அவருக்காக எழுதுங்கள்.

முதல் வேலை அடிப்பது. முன்னுரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதையே ஒரு சமையல் புத்தகத்தின் மொழிபெயர்ப்புக்கு முன்னால் போட்டாலும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் அடித்துவிடுங்கள். "எளிய நடை", "பொருள் சிதையாமல்" எல்லாம் இதில் போய்விடும். "பொறுத்தருள்க" என்பதையும் விட்டுவைக்காதீர்கள். தொழில்முறை ஆவணத்தில் பிழை எங்கே இருக்கக்கூடும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது. அந்த ஒரு சொல் அதை வாசகர் தலையில் வைத்துவிடுகிறது. என் அரைப் பக்கத்தில் இந்தச் சோதனைக்குத் தப்பியது ஆவணத்தின் பெயர் மட்டும்.

அடுத்து, எந்தப் பதிப்பிலிருந்து பெயர்த்தீர்கள் என்பதை ஆண்டோடும் மொழியோடும் எழுதுங்கள். ஒரு வரி போதும். ஆனால் பழைய மொழிபெயர்ப்பைத் தட்டிச் சரிசெய்து புதியதாக்கியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். நான் 2013 பதிப்பில் தொடங்கி 2024 பதிப்புக்கு மாற்றினேன். 2013இன் ஆங்கிலம் ஆய்வில் சேர்க்கப்படுபவரை 'சப்ஜெக்ட்' என்றது. 2024இல்தான் 'பார்ட்டிசிபன்ட்' ஆனது. 'ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்' என்று எழுத எனக்கு மனம் வராமல், பழைய வரைவிலேயே 'பங்கேற்பாளர்' என்று போட்டிருந்தேன். அதன் விளைவு, 2024இல் நடந்த மிக முக்கியமான மாற்றங்களில் ஒன்று என் இரண்டு வரைவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்ணில் படவே படாது. மூலத்தைவிட மரியாதையாக எழுதுவதும் மூலத்தை மாற்றுவதுதான். அதை முன்னுரையில் இப்படி எழுதினேன்: "2013 பதிப்பின் என் பழைய வரைவிலும் 'பங்கேற்பாளர்' என்றே இருந்தது. மூலத்தில் இச்சொல் 2024இல்தான் வந்தது."

இனி கடினமான இடம். நீங்கள் எடுத்த முடிவுகளில் எவை வாசகரின் முடிவை மாற்றக்கூடியவையோ அவற்றைச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன இழந்தீர்கள் என்பதோடு சேர்த்து. பெரும்பாலானோர் இங்கே கலைச்சொல் பட்டியலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 'பிளசீபோ'வை எப்படி எழுதினோம் என்பது யாரையும் தடுமாற வைக்காது. தடுமாற வைப்பவை வினைமுற்றுகள்.

அந்த ஆசிரியர் கேட்ட பத்தியையே பாருங்கள். முழு ஒப்புதல் தரும் தகுதி இல்லாத ஒருவர், ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம், தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தால், சட்டப்படியான பிரதிநிதியின் ஒப்புதலோடு அந்தக் குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும் என்கிறது மூலம். அங்கே இருக்கும் சொல் 'மஸ்ட்'. அதே பத்தியில் அடுத்த வாக்கியம், குழந்தை மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும் என்கிறது. அங்கே இருப்பது 'ஷுட்'. கேட்பது கட்டாயம், மதிப்பது அதைவிட ஒரு படி தளர்ந்த கடமை. அடுத்தடுத்த வாக்கியங்களில் இரண்டு அழுத்தங்கள். நான் இரண்டுக்கும் 'வேண்டும்' என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் தமிழ் சரளமாக ஓடியது. அந்த ஓட்டத்தில்தான் வேறுபாடு கரைந்துபோயிருந்தது.

தமிழில் இதற்கு வழி உண்டு. 'கேட்டாக வேண்டும்' என்றால் தப்ப வழியில்லை, 'மதிக்க வேண்டும்' என்றால் சற்றுத் தளர்வு, 'செய்யலாம்' என்றால் அனுமதி. மூன்றையும் தினசரிப் பேச்சிலேயே வேறுபடுத்துகிறோம். ஆகவே ஆங்கிலக் கோப்பைத் திறந்து, `must`, `should`, `may` மூன்றையும் Ctrl+F போட்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒவ்வொரு இடத்துக்கும் பத்தி எண்ணைக் குறித்துக்கொண்டு தமிழைச் சரிபார்த்தேன். இது ஒரு நாள் வேலை, குறுக்குவழி கிடையாது. நினைவிலிருந்து "எல்லா இடத்திலும் கவனித்துத்தான் எழுதினேன்" என்று முன்னுரையில் எழுதுபவர்களை நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எதிர்மறைக்கு வந்தபோது அந்த வழியும் அடைபட்டது. பிரகடனத்தின் நெறிகளுக்கு ஒவ்வாத ஆய்வுகளை வெளியீட்டுக்கு ஏற்கக் கூடாது என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது 'ஷுட்'. ஆய்வுக்கு வர மறுத்த நோயாளியின் சிகிச்சையை அந்த மறுப்பு ஒருபோதும் பாதிக்கக் கூடாது என்ற இடத்தில் இருப்பது 'மஸ்ட்'. தமிழில் இரண்டும் 'கூடாது'. இரண்டாவதில் 'ஒருபோதும்' இருப்பதால் அழுத்தம் தெரிகிறது, ஆனால் அது மூலத்தில் உள்ள 'நெவர்' என்ற சொல்லுக்கு ஈடு. 'மஸ்ட்'டுக்கு ஈடாக எதுவும் இல்லை. 'கட்டாயம் கூடாது' என்று எழுதிப் பார்த்தேன். யாரும் அப்படிப் பேசுவதில்லை. கடைசியில் 'கூடாது' என்றே விட்டுவிட்டு, முன்னுரையில் சொல்வதென்று முடிவு செய்தேன். உரைக்குள் தீர்க்க முடியாததைச் சொல்லத்தான் முன்னுரை.

அந்தப் பகுதி இப்படி அமைந்தது:

"மூலத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் இடங்களில் 'செய்தாக வேண்டும்' என்றும், அதைவிடத் தளர்ந்த கடமையைக் குறிக்கும் இடங்களில் 'செய்ய வேண்டும்' என்றும் எழுதியிருக்கிறேன். ஆங்கிலப் பிரதியோடு வைத்து எல்லாப் பத்திகளிலும் சரிபார்த்தேன். 'கூடாது' என்று முடியும் வாக்கியங்களில் இந்த வேறுபாடு தமிழில் தெரியாது. அத்தகைய வாக்கியத்தை வைத்து முடிவெடுக்கும்போது அதே எண்ணுள்ள ஆங்கிலப் பத்தியைப் பாருங்கள்."

நான்கு வாக்கியங்கள். என்ன செய்தேன், எப்படிச் சரிபார்த்தேன், எங்கே முடியவில்லை, அங்கே வாசகர் என்ன செய்ய வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் இந்த நான்கையும் கேட்டு வாங்குகிறேன். நான்காவது இல்லாத குறிப்பை ஏற்பதில்லை. "சில நுட்பமான வேறுபாடுகள் தமிழில் முழுமையாக வராமல் போயிருக்கலாம்" என்று எழுதினால் நேர்மை போலத் தோன்றும். எந்தப் பத்தியில் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரியாத வாசகருக்கு அதனால் பயன் இல்லை.

இதே முறையில் இன்னொரு குறிப்பு, 'ஒப்புதல்', 'இசைவு' இரண்டையும் பற்றி. பேச்சுத் தமிழில் இரண்டும் ஒன்றுதான். மருத்துவமனைப் படிவங்களில் சில இடங்களில் 'சம்மதம்' என்றும் இருக்கும். என் பிரதியில் ஒப்புதல் என்பது தகுதியுள்ளவர் அல்லது அவருடைய பிரதிநிதி தருவது, இசைவு என்பது அந்தத் தகுதி இல்லாதவர் தன் அளவில் சரி என்று சொல்வது. இசைவு கிடைத்தால் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் முன்னுரையிலும், அந்தப் பத்தியின் அடிக்குறிப்பிலும் இரண்டு முறை எழுதினேன். இப்படிப்பட்ட குறிப்புகள் ஐந்துக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள். எனக்கு மூன்றுதான் பிடிக்கும். மற்றவை அடிக்குறிப்புக்குப் போகட்டும்.

பிறகு, யார் சரிபார்த்தார்கள் என்பது. "நிபுணர்களால் சரிபார்க்கப்பட்டது" என்று செயப்பாட்டு வினையில் எழுதாதீர்கள். யார், எதை, எது வரை என்று எழுதுங்கள். "ஒப்புதல் பற்றிய பத்திகளை மட்டும், மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்தார், நான் ஒப்பிட்டேன். மற்றப் பத்திகளுக்கு அப்படிச் செய்யவில்லை. வழக்கறிஞர் யாரும் பார்க்கவில்லை." செய்யாததை எழுதக் கை கூசும். ஆனால் எந்தப் பகுதியில் எவ்வளவு சாயலாம் என்று குழு உறுப்பினருக்குத் தெரிவது இந்த வரிகளால்தான். இது உலக மருத்துவச் சங்கத்தின் அதிகாரபூர்வப் பிரதி அல்ல என்பதையும் இதே இடத்தில், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நன்றியுரையைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். முன்னுரை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

எழுதி முடித்ததும் இன்னொரு மொழிபெயர்ப்பாளரிடம் காட்டாதீர்கள், அவர் நடையைத்தான் பார்ப்பார். பிரதியைப் பயன்படுத்தப் போகும் ஒருவரிடம் முன்னுரையை மட்டும் கொடுத்து, "எந்தெந்த இடத்தில் ஆங்கிலத்தைப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். நான் அதே ஆசிரியரிடம் கொடுத்தேன். 'கூடாது' வருகிற இடங்கள் என்றார், உடனே சொன்னார். வழக்கறிஞர் பார்க்காததால் சட்டக் கேள்வி வந்தால் இதை வைத்துப் பேச மாட்டேன் என்றார். பழைய வரைவைப் பற்றிய வரி அவருக்குப் புரியவில்லை. அதை மட்டும் மறுபடி எழுதினேன்.

முன்னுரையின் கீழே தேதி போட மறக்காதீர்கள். பிரகடனம் மறுபடியும் திருத்தப்பட்டால், உங்கள் பிரதி எந்தத் திருத்தம் வரைக்கும் செல்லும் என்று வாசகர் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.