‘வாங்கலாம்’ என்று சொல்வது யார்? பங்கு ஆய்வறிக்கையைப் படிக்கும் முறை

உங்கள் செல்போனுக்கு ஒரு பங்கு ஆய்வறிக்கை வருகிறது. ‘பை, இலக்கு விலை 460 ரூபாய்’ என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். உடனே வாங்கிடாதீங்க. முதலில் அறிக்கையின் தேதியைப் பாருங்கள், பிறகு அன்றைய விலையைப் பாருங்கள்.

அறிக்கை வந்த அன்று பங்கின் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 460 என்பது 15 சதவீத உயர்வு. ஆனால் அது உங்கள் கைக்கு வரும்போது விலை 445 ஆகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது 15 ரூபாய்தான், அதாவது 3.4 சதவீதம்கூட இல்லை. அறிக்கையில் ‘பை’ அப்படியேதான் இருக்கும், ஆனால் உங்களுக்கு அதில் லாபம் இருக்காது. எத்தனை சதவீத உயர்வு எதிர்பார்த்தால் ‘பை’, எவ்வளவு என்றால் ‘ஹோல்டு’ என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வகுத்துக்கொள்கிறது. அந்த விளக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

‘செல்’ என்ற தரம் அபூர்வமாகத்தான் வரும். ஏன் தெரியுமா? ஆய்வறிக்கை எழுதும் நிறுவனமே, அந்தக் கம்பெனியின் பங்கு வெளியீட்டை நடத்திக் கட்டணம் வாங்குவதாகவும் இருக்கலாம். ‘விற்றுவிடுங்கள்’ என்று எழுதினால் அடுத்த வேலை கிடைக்காது. அதனால் பல நேரம் ‘ஹோல்டு’ என்பதே, விற்கச் சொல்வதன் நாசூக்கான வடிவமாக இருக்கிறது.

இது வெறும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவின் மெரில் லிஞ்ச் நிறுவனத்தில் ஹென்றி பிளாட்ஜெட் என்ற ஆய்வாளர், வெளியில் உயர்ந்த தரம் கொடுத்த சில இணையக் கம்பெனிகளைப் பற்றி உள் மின்னஞ்சல்களில் மட்டமாக எழுதியிருந்தார். 2002-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் அந்த மின்னஞ்சல்களை வெளிக்கொண்டுவந்தார். நிறுவனம் 10 கோடி டாலர் கட்டியது. 2003-இல் பிளாட்ஜெட்டுக்குப் பங்குத் தொழிலில் நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது.

நம் நாட்டில் செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகள் இதற்காகவே உள்ளன. அறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில் ‘வெளிப்படுத்தல்’ பகுதி இருக்கும். அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்:

1. ஆய்வாளரிடமோ நிறுவனத்திடமோ இந்தப் பங்கு இருக்கிறதா? 1 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறதா?
2. கடந்த 12 மாதத்தில் அந்தக் கம்பெனியிடம் இவர்கள் பணம் வாங்கினார்களா?
3. அதே 12 மாதத்தில் அதன் பங்கு வெளியீட்டை இவர்கள் நடத்தினார்களா?

‘ஆம்’ என்று பதில் இருந்தாலே அறிக்கை பொய் என்று அர்த்தமில்லை. தரத்தை விட்டுவிட்டு, அதற்குச் சொல்லும் காரணங்களை மட்டும் எடைபோடுங்கள் என்று அர்த்தம்.

வெளிப்படுத்தல் பகுதியே இல்லையென்றால்? INH என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அதை sebi.gov.in தளத்தில் உள்ள பதிவு பெற்றவர்கள் பட்டியலில் பெயரோடு ஒப்பிடுங்கள். வேறொருவரின் எண்ணைப் போட்டு ஏமாற்றுபவர்களும் உண்டு. பதிவு பெற்ற ஆய்வாளர் மீது புகார் இருந்தால் scores.sebi.gov.in தளத்தில் பதியலாம். சந்தேகம் கேட்க, செபியின் கட்டணமில்லா எண் 1800 22 7575.