ரீல்ஸ் பரவி ஆர்டர் குவிகிறதா?

வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறீர்கள். ஒரு ரீல்ஸ் பரவி, ஒரே இரவில் 40 கிலோ ஆர்டர். முதலில் பணம் வாங்குவதை நிறுத்துங்கள். நாளுக்கு 6 கிலோ சுட முடியுமென்றால் 5 கிலோவை மட்டும் கணக்கில் வையுங்கள். மீதி, உடைசலுக்கும் உடம்பு முடியாத நாளுக்கும். ஆக சுட 8 நாள், கூரியருக்கு 3 நாள். கூச்சப்படாமல் 11 நாள் என்றே சொல்லுங்கள்.

அவசரத்தில் வாணலியை நிரப்பாதீர்கள். எண்ணெயின் சூடு இறங்கி, முறுக்கு எண்ணெய் குடிக்கும். ஒன்றை உடைத்துத் தாளில் அழுத்துங்கள்: எண்ணெய் திட்டாகப் படர்ந்தால் அந்த ஈட்டை அனுப்பாதீர்கள். மாவையும் மொத்தமாகப் பிசைய வேண்டாம். பிசைந்து நேரமானால் முறுக்கு சிவந்துவிடும். ஆறாமல் கவரில் அடைத்தால் நமுத்துப் போகும்.

தேதி தள்ளுமென்று தெரிந்தால், வாடிக்கையாளர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லி, வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.