டூஸா, ஒன்ஸா: நடைக்கு எது வேண்டும்?

தலையில் தயிர்ப்பானையோடு ஒரு அம்மா வெறுங்காலில் தெருவில் நடந்து வருகிறார். கையால் வரைந்த என் குறும்படத்தில் இந்த நடை மூன்று ஷாட்டில் வருகிறது. ஆள் அதே ஆள், வேகமும் அதே வேகம். ஆனால் முதல் ஷாட்டை டூஸில் முடித்தேன், இரண்டாவதை ஒன்ஸில் வரைய வேண்டி வந்தது, மூன்றாவதில் திரும்ப டூஸுக்கே வந்தேன். வாக் சைக்கிள் வரைய உட்காருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான் என்பதால் அந்த மூன்று முடிவுகளையும் விரிவாகவே சொல்கிறேன்.

சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப் படம் வரைந்தால் ஒன்ஸ், அதாவது நொடிக்கு 24 படம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் டூஸ், 12 படம் போதும். வேலை பாதியாகிறது என்பது பென்சிலோடு நிற்பதில்லை. கிளீன்அப், வண்ணம் எல்லாமே பாதிதான். அதனால் பலரும் டூஸைப் பணமில்லாதவர்களின் வழி என்றும், ஒன்ஸை உயர்ந்த தரம் என்றும் நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிதானமான நடை டூஸில் உறுதியாக, அழுத்தமாக விழும். அதே நடைக்கு நடுநடுவே யோசிக்காமல் படங்களைச் செருகி ஒன்ஸாக்கினால் வழவழவென்று ஓடும், கால் தரையில் ஊன்றிய கனமே போய்விடும்.

தேர்வு தொடங்குவது ஓர் அடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதில். ஓர் அடி என்பது ஒரு குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அடுத்த குதிகால் தொடும் வரை. இதற்குள் நான்கு நிலைகள் உண்டு. கால்கள் அகன்று குதிகால் தொடுவது கான்டாக்ட். உடல் எடை இறங்கி முழங்கால் மடங்குவது டவுன். பின்கால் முன்காலைக் கடப்பது பாஸிங். நின்ற கால் நிமிர்ந்து உடலை உயர்த்துவது அப். மறுபடி எதிர்க்காலில் கான்டாக்ட்.

அடிக்கு 16 ஃபிரேம் எடுத்தால் அது சாவகாசமான நடை. கான்டாக்ட் 1-இல், டவுன் 5-இல், பாஸிங் 9-இல், அப் 13-இல், அடுத்த கான்டாக்ட் 17-இல். எல்லாமே ஒற்றைப்படை எண்கள். டூஸில் புதுப் படம் மாறுவதும் ஒற்றைப்படை ஃபிரேம்களில்தான். எனவே நான்கு முக்கிய நிலைகளும் அதனதன் இடத்தில் விழுகின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே ஒரு இன்பிட்வீன். டூஸுக்கென்றே அளவெடுத்துத் தைத்த நடை இது. கேமரா அசையாமல் நின்றால் இங்கே ஒன்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடிக்கு 8 ஃபிரேம் என்றால் விறுவிறு நடை. நிலைகள் 1, 3, 5, 7, 9-இல் விழும். டூஸில் இன்பிட்வீனுக்கு இடமே இல்லை. நான்கு நிலைகள் மட்டும் மாறி மாறி வரும். துள்ளலான கேலிச்சித்திர உருவத்துக்கு இது பொருந்தலாம். ஆனால் வீசும் கால் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாண்டும் தூரம் அதிகம். இரண்டு காகிதத்தையும் லைட் பாக்ஸில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பாதம் பாதத்தை ஓரளவாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடையில் வெள்ளைக் காகிதம் தெரிந்தால் கண்ணுக்கு ஒரு கால் நகர்வது தெரியாது, இரண்டு கால்கள் மின்னி மறைவதுதான் தெரியும். அப்போது ஒன்ஸ் எடுங்கள்.

இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 12 ஃபிரேம்தான் நம்முடைய சாதாரண நடை, நொடிக்கு இரண்டு அடி. தயிர்க்காரம்மாவுக்கும் அதுதான். சிக்கலும் இங்கேதான். சரிசமமாகப் பிரித்தால் கான்டாக்ட் 1, டவுன் 4, பாஸிங் 7, அப் 10, கான்டாக்ட் 13. டவுனும் அப்பும் இரட்டைப்படையில் விழுகின்றன. டூஸில் அந்த ஃபிரேம்களில் புதுப் படம் கிடையாது. ரிச்சர்ட் வில்லியம்ஸ் தன் ‘தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்’ நூலில் 12-ஐ விட 8-உம் 16-உம் பிரிக்க எளிது என்று சொல்வது இந்தத் தொல்லையை வைத்துத்தான். ஆனால் இதை வழியடைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டவுனை 3-க்குத் தள்ளினால் எடை சட்டென இறங்கும். 5-க்குத் தள்ளினால் மெல்ல அமிழும், அசதி தெரியும். தலையில் பாரம் சுமப்பவர் முழங்காலை அதிகம் மடக்க விடமாட்டார் என்பதால் நான் டவுனை 3-இல், அதுவும் லேசாக வைத்தேன். அப்பை 9-இல் வைத்து அங்கிருந்து நிதானமாக இறக்கினேன். முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு அடிக்கு, 12 படங்கள்.

முதல் ஷாட்டில் கேமரா நிற்கிறது, அம்மா தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்கிறார். ஊன்றிய பாதம் திரையில் ஒரே இடத்தில் நிற்க, உடல் அதைத் தாண்டிப் போகிறது. பாதத்தின் கோடு படத்துக்குப் படம் அதே இடத்தில் விழுந்தால் போதும். டூஸ் இங்கே குறையே வைக்கவில்லை.

இரண்டாவது ஷாட்டில் கேமரா அவரோடு கூடவே போகிறது. திண்ணை வீடுகளும் மரத்தூண்களும் பின்னால் நகர, அம்மா திரையின் நடுவில் ஓடுபட்டையின் மேல் நடப்பதுபோல இருந்த இடத்திலேயே நடக்கிறார். கையிலிருந்த 12 படங்களையும் அப்படியே வைத்துப் பின்னணியை ஓடவிட்டேன். பாதம் தரையில் நிற்கவில்லை, வெடவெடவென்று நடுங்கியது.

கணக்குப் போட்டதும் காரணம் தெரிந்தது. 1920 பிக்ஸல் அகலத் திரையில் ஓர் அடியின் நீளம் 180 பிக்ஸல். 12 ஃபிரேமில் 180 என்றால் தரை ஃபிரேமுக்கு 15 பிக்ஸல் பின்னால் போக வேண்டும். ஊன்றிய பாதம் டூஸில் இருப்பதால் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை 30 பிக்ஸல் நகர்கிறது. முதல் ஃபிரேமில் பாதமும் தரையும் ஒட்டியிருக்கின்றன. இரண்டாவதில் தரை 15 பிக்ஸல் நழுவுகிறது, பாதம் அசையவில்லை. மூன்றாவதில் மறுபடி ஒட்டுகிறது. இந்த வழுக்கல் நொடிக்கு 12 முறை நடக்கிறது. என் படம் வரைவதில் தவறில்லை. எவ்வளவு அழகாகக் கிளீன்அப் செய்தாலும் இது போகாது.

பின்னணியையும் டூஸில் நகர்த்திப் பார்த்தேன். பாதம் ஒட்டிக்கொண்டது, ஆனால் திண்ணைத் தூண்கள் இரட்டை இரட்டையாகத் துடித்தன. நேர்செங்குத்தான கோடுகள் இருக்கும் பின்னணி இந்த 30 பிக்ஸல் தாவலைத் தாங்காது. மங்கலான மரங்களோ மணல்வெளியோ இருந்தால் தப்பியிருக்கும். அடுத்து, முதல் ஷாட்டின் கடக்கும் நடையையே எடுத்து அதன்மேல் கேமராவை ஒன்ஸில் நகர்த்தினேன். இப்போது பாதம் தரையை விடவில்லை. நடுக்கம் மேலே ஏறிக்கொண்டது. உடல் இரண்டு ஃபிரேம் நிற்க, கேமரா மட்டும் நகர, தலையும் பானையும் முன்னும் பின்னும் உலுங்கின. பார்ப்பவர் கண் முகத்திலேயே இருக்கும் என்பதால் இது முதலில் இருந்த கோளாறைவிட மோசம்.

ஆக, நகரும் கேமரா ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறது என்றால், பாதம் தெரியும் உருவமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற வேண்டும். 1988-இல் வந்த ‘ஹூ ஃபிரேம்டு ராஜர் ராபிட்’ படத்தில் வில்லியம்ஸின் குழு ஒன்ஸில் வரைந்ததற்கும் இதுவே அடிப்படை. அங்கே உண்மையான மனிதர்களும் அசையும் கேமராவும் நொடிக்கு 24 முறை மாறும்போது, முயல் மட்டும் 12 முறை மாறினால் தரையில் ஒட்டாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. கேமரா மிக மெதுவாக, ஃபிரேமுக்கு 2, 3 பிக்ஸல் மட்டும் நகர்ந்தால் நழுவலும் அந்த அளவுதான், டூஸிலேயே விட்டுவிடலாம்.

ஒன்ஸுக்குப் போனபோது இன்னும் 12 படங்கள் வரைந்தேன். ஏற்கெனவே இருப்பவற்றுக்கு நட்டநடுவில் கோடு இழுப்பது இந்த வேலையில்லை. ஊன்றிய பாதம் மட்டும்தான் சரிபாதியில், 15 பிக்ஸலில் இருக்க வேண்டும். இதற்குப் பெக் பாரில் ஒரு காகிதப் பட்டையை மாட்டி, அடி நெடுக சமதூரத்தில் பென்சில் கோடுகள் போட்டுக்கொண்டேன். உள்ளங்கால் படிந்திருக்கும்வரை குதிகாலை அந்தக் கோட்டில் வைத்து அளக்க வேண்டும். குதிகால் எழும்பிய பிறகு கால்விரல் அடியை வைத்து அளக்க வேண்டும். இந்த மாற்றத்தை மறந்தால் கால் எடுக்கும் நேரத்தில் ஒரு சின்ன வழுக்கல் வரும்.

வீசும் காலில் நட்டநடு ஆபத்தானது. பாதம் வளைவில் போகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நேர்நடுவில் வைத்தால் வளைவு தட்டையாகி விரல்கள் தரையில் உரசும். உடலுக்கும் அப்படியே. 3-க்கும் 5-க்கும் நடுவே 4-ஐச் சராசரியாக வைத்தால் டவுன் கரைந்துவிடும். இப்போது 4-ஆம் ஃபிரேம் கைக்கு வந்துவிட்டதால் உண்மையான டவுனை அங்கேயே, இரண்டு பக்கத்தையும்விடச் சற்றுத் தாழ்வாக வைத்தேன். பானையை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மூலப்படத்திலிருந்து தடம் எடுத்தேன். ஒன்ஸில் கோடு மயிரிழை பிசகினாலும் பொருள் சிலுசிலுக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது திரையில் முழங்காலுக்கு மேலே ஒரு அட்டையை வைத்து மறைத்துவிட்டுப் பாதத்தை மட்டும் பாருங்கள். முகம் தெரிந்தால் நம் கண் பாதத்தை மன்னித்துவிடும். நடுக்கம் தெரிந்தால் படங்களைத் திருத்தும் முன் வெளியீட்டு அமைப்பையும் பாருங்கள். 24 ஃபிரேமில் வரைந்ததை நான் ஒருமுறை கவனக்குறைவாக 30 ஃபிரேம் வீடியோவாக எடுத்துவிட்டேன். டூஸ் படங்கள் 2 ஃபிரேம், 3 ஃபிரேம் என்று மாறி மாறி நின்று நடை நொண்டியது. குறை நடையில் இருக்கிறதென்று எண்ணி நல்ல படங்களை ஒரு மாலை முழுக்க அழித்து வரைந்தேன்.

மூன்றாவது ஷாட்டும் கேமரா கூடவே போகும் ஷாட்தான், பின்னணியும் ஃபிரேமுக்கு 15 பிக்ஸல் ஓடுகிறது. ஆனால் சட்டகம் இடுப்புக்கு மேலே. முகமும் பானையும் வீசும் ஒரு கையும் மட்டும் தெரிகின்றன. தரையோடு ஒட்ட வேண்டிய எதுவும் திரையில் இல்லை. உடல் இருந்த இடத்திலேயே லேசாக ஏறி இறங்குகிறது. முதலில் வரைந்த 12 படங்களின் மேல்பாதியைப் பெரிதாக்கி மறுபடி வரைந்து டூஸில் வைத்தேன், தூண்களை ஒன்ஸில் ஓடவிட்டேன்.