கெண்டைக் குளத்தில் விடியற்கால ஆக்சிஜனை முன்னிரவிலேயே கணிக்கும் முறை

மீன் சுவாசிப்பது தண்ணீரில் வாயுவாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. அதன் அளவு மிகச் சிறியது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது, சுமார் 7.5 மில்லிகிராமை மட்டுமே பிடித்து வைக்கும். 20 டிகிரியில் இது 9.1 ஆகவும், 0 டிகிரியில் 14.6 ஆகவும் உயரும். நீர் சூடேறும்போது மூலக்கூறுகளின் அசைவு வேகம் பெறுவதால், கரைந்த வாயு நீரின் பிடியிலிருந்து எளிதாக விடுபட்டுக் காற்றுக்குப் போய்விடுகிறது.

கோடையில் மீனுக்கு இது இருபுறமும் நெருக்கடி. நீரில் இருப்பு குறைகிற அதே நேரத்தில் மீனின் தேவை கூடுகிறது. மீன் குளிர் இரத்த உயிரினம் என்பதால், நீரின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அது செலவிடும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரு மடங்காகும். குளத்துச் சேற்றில் மக்கும் தீவன மிச்சமும் கழிவும்கூட வெப்பத்தில் வேகமாக மக்கி, மேலும் ஆக்சிஜனை உறிஞ்சும்.

அளவு குறைந்தால் மீனுக்கு என்ன ஆகும்

கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் குளத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீன் நன்றாக உண்டு வளரும். 3 முதல் 5 வரை இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தீவனம் எடுப்பது குறையும், வளர்ச்சி தளரும். 3-க்குக் கீழே இறங்கினால் செவுள்மூடி வேகமாக அடிக்கும். இந்நிலை அடிக்கடி நேர்ந்தால் நோய் எதிர்ப்பு குறைந்து தொற்றுகள் எளிதில் பற்றும். 1-க்குக் கீழே சில மணி நேரம் நீடித்தால் மீன் சாகத் தொடங்கும். விரால் போன்ற மீன்கள் காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லவை என்பதால் அதே குளத்தில் தப்பிவிடும்.

பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அந்தப் பாசியும் மீனும் சேறும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே பிற்பகலில் உச்சத்தில் இருக்கும் அளவு, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்தைத் தொடும். இரவில் இந்த இறக்கம் ஏறத்தாழ ஒரே சீராக நடப்பதால், முன்னிரவில் இருமுறை அளந்தாலே விடியற்கால நிலையைக் கணித்துவிடலாம்.

படி 1: பகலில் நீரின் பச்சையைப் பார்த்தல்

கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய 20 செ.மீ. அகலமுள்ள செக்கி தட்டை நீருக்குள் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். 30 முதல் 45 செ.மீ. என்றால் பாசி அளவாக இருக்கிறது. 20 செ.மீ.க்குள்ளேயே மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது. அன்றிரவு கட்டாயம் அளக்க வேண்டும். அன்று மாலைத் தீவனத்தையும் நிறுத்திவிடுவது நல்லது. தீவனம் உண்ட மீன் செரிமானத்துக்காகக் கூடுதல் ஆக்சிஜனைச் செலவிடும்.

படி 2: இருமுறை அளத்தல்

மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும், ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் அளக்க வேண்டும். கரையோரத்தைத் தவிர்த்து, நீரின் பாதி ஆழத்தில் எடுப்பது பொருத்தம். மீட்டர் பயன்படுத்தினால் அதன் முனையை நீருக்குள் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் வைத்தால் பல மீட்டர்கள் அளவைக் குறைத்துக் காட்டும். ரசாயனப் பரிசோதனைப் பெட்டி என்றால், குப்பியை நீருக்குள்ளேயே நிரப்பி, குமிழி இல்லாமல் மூட வேண்டும். உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.

படி 3: கணக்கிடுதல்

ஒரு ஏக்கர் பரப்பும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாலை 6 மணிக்கு 9.0, இரவு 9 மணிக்கு 7.2. மாலை அளவு 7.5-ஐத் தாண்டியிருப்பது பிழையன்று. அடர்ந்த பாசி வெயிலில் அவ்வளவு ஆக்சிஜனை வெளியிட்டிருக்கிறது.

மூன்று மணி நேரத்தில் 1.8 குறைந்திருக்கிறது, அதாவது மணிக்கு 0.6. இதே வேகத்தில் போனால் அதிகாலை 4 மணிக்கு 3.0 ஆகவும், 6 மணிக்கு 1.8 ஆகவும் இருக்கும். மாலையில் தாராளமாகத் தெரிந்த குளம் விடியலில் ஆபத்தைத் தொடும் என்பது இரவு 9 மணிக்கே தெரிந்துவிடுகிறது.

மேகமூட்டமான நாளில் மாலை அளவு 5 ஆக மட்டுமே இருந்து, அதே வேகத்தில் குறைந்தால், இரவு 9.20-க்கே 3-ஐத் தொட்டுவிடும். அத்தகைய நாளில் இரண்டாம் அளவை 8 மணிக்கே எடுக்க வேண்டும்.

படி 4: ஏரேட்டரை எப்போது ஓட்டுவது

மேற்சொன்ன குளத்தில் சுமார் 6,000 கன மீட்டர் தண்ணீர் இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இக்குளத்தில் 6 கிலோ ஆக்சிஜன், மணிக்கு 0.6 குறைவது என்றால் 3.6 கிலோ. துடுப்புச் சக்கர ஏரேட்டர், குளத்துச் சூழலில், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ சேர்க்கும் என்று கொள்ளலாம். ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் இரண்டை ஓட்டினால் நிகர இழப்பு மணிக்கு 1.6 கிலோவாக, அதாவது லிட்டருக்கு 0.27 மில்லிகிராமாகக் குறையும். நள்ளிரவில் 5.4 இருக்கும்போதே ஓட்டத் தொடங்கினால், காலை 6 மணிக்கு சுமார் 3.8 மிஞ்சும். 4 மணிவரை காத்திருந்து ஓட்டினால் 2.5-தான் மிஞ்சும். இந்த இரண்டு ஏரேட்டர்களால் இழந்ததை மீட்க முடியாது, இறக்கத்தின் வேகத்தைக் குறைக்கவே முடியும். ஆகவே சீக்கிரம் தொடங்குவதே பயன் தரும்.

படி 5: மீன் வாய் பிளந்து மேலே வந்துவிட்டால்

ஏரேட்டர் இல்லாத குளத்தில், டீசல் என்ஜினால் குளத்து நீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் என்பதால், அதையும் தூவித்தான் விட வேண்டும். மீன்கள் கூடியிருக்கும் ஒரு மூலையில் இதைச் செய்தால், குளம் முழுவதும் உயராவிட்டாலும் அவற்றுக்கு ஓர் அடைக்கலம் கிடைக்கும். ஆக்சிஜன் தரும் சோடியம் பெர்கார்பனேட், தன் எடையில் சுமார் எட்டில் ஒரு பங்கு ஆக்சிஜனையே வெளியிடும். இக்குளத்தை 1 மில்லிகிராம் உயர்த்தவே ஏறத்தாழ 50 கிலோ தேவை. சிறு தொட்டிக்கு அது உதவும். ஏக்கர் கணக்கான குளத்துக்குக் கட்டுப்படியாகாது.

கணிப்பு தவறும் இடங்கள்

பலத்த காற்றும் கனமழையும் கணக்கை மாற்றிவிடும். குளிர்ந்த மழைநீர் கீழிறங்கி, ஆக்சிஜனற்ற அடிநீரைக் கிளறி மேலே கொண்டுவந்தால், அளவு திடீரெனச் சரியும். பச்சை நீர் ஓரிரு நாளில் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால், பாசி மொத்தமாக மடிந்திருக்கிறது என்று பொருள். அப்போது பகலிலும் உற்பத்தி இராது. மீண்டும் பச்சை திரும்பும் வரை ஏரேட்டரை இரவும் பகலும் ஓட்ட வேண்டும்.

மீன் செத்து மிதந்தால், காரணம் ஆக்சிஜன் குறைவா நஞ்சா என்பதையும் ஓரளவு பிரித்தறியலாம். விடியலில் இறப்பதும், வாய் திறந்தபடி கிடப்பதும், பெரிய மீன்கள் முதலில் சாவதும் ஆக்சிஜன் குறைவைச் சுட்டும். நாளின் எந்நேரத்திலும், சிறிதும் பெரிதும் ஒருங்கே இறந்தால், பூச்சிமருந்து போன்ற நஞ்சு கலந்ததா என்று நீரைப் பரிசோதிக்க வேண்டும்.