மெலடோனின்: அளவா, நேரமா?
ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பிள்ளைக்கு டாக்டர் 1 மி.கி. மெலடோனின் எழுதித் தருகிறார். வீட்டில் பத்து மணிக்குப் படுக்க வைக்கும்போதுதான் அதைக் கொடுக்கிறார்கள். பதினொன்றுக்குத்தான் தூக்கம் வருகிறது. "மருந்து போதவில்லை" என்று தாமாகவே 3 மி.கி. ஆக்கிவிடுகிறார்கள். பிழை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. படுக்க 30 முதல் 60 நிமிடம் முன்பே கொடுத்து, விளக்கைக் குறைத்து, செல்போனை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் 1 முதல் 3 மி.கி.யில் தொடங்குவார்கள், சில நாள் பார்த்து டாக்டர்தான் கூட்டுவார்.

நடுஇரவில் விழிக்கும் பிள்ளைக்கு மெதுவாகக் கரையும் மாத்திரை வேறு உண்டு. அதைப் பொடிக்கக் கூடாது. வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளையென்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காலையில் மந்தமாக இருந்தாலோ தலைவலி வந்தாலோ அதையும் சொல்லுங்கள். மிட்டாய் போன்ற கம்மி வகை வேண்டாம். அட்டையில் உள்ள அளவு பலவற்றில் உள்ளே இருப்பதில்லை, ஜெலட்டினும் எதிலிருந்து எடுத்ததோ!