ஆகஸ்ட் 15 எத்தனையாவது வாரம்?

2026 ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. அது மாதத்தின் எத்தனையாவது வாரம் என்று எக்செல்லில் கணக்குப் போட்டால் ஒரு முறையில் 3 என்றும், இன்னொரு முறையில் 2 என்றும் வரும். இரண்டுமே சரியான விடைகள்தான். வாரக்கூலிக் கணக்கோ விற்பனை அறிக்கையோ போடுகிறவர், எந்த வேலைக்கு எந்த முறை என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

முதல் முறையில் 1 முதல் 7 வரை முதல் வாரம், 8 முதல் 14 வரை இரண்டாவது வாரம். கிழமையைப் பற்றி இதற்குக் கவலையே இல்லை. தேதி A2 கட்டத்தில் இருந்தால்:

```
=INT((DAY(A2)-1)/7)+1
```

இந்திய வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. அதைக் கண்டுபிடிக்க இந்த முறைதான் வேண்டும். 2026 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை; இரண்டாம் சனி 14ஆம் தேதி. இந்தச் சூத்திரம் சரியாக 2 என்கிறது. திங்களில் தொடங்கும் நாள்காட்டியிலோ அந்தத் தேதி மூன்றாவது வரிசையில் இருக்கும்.

அந்த வரிசையை எண்ணுவதுதான் இரண்டாவது முறை:

```
=INT((DAY(A2)-1+WEEKDAY(A2-DAY(A2)+1,3))/7)+1
```

WEEKDAY-க்குள் இருக்கும் 3, திங்களை 0 என்றும் ஞாயிறை 6 என்றும் எண்ணச் சொல்கிறது. சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்து ஆட்கள் பேசும் இடத்துக்கு, அதாவது பணிமுறை அட்டவணை, வகுப்பு அட்டவணை போன்றவற்றுக்கு, இது பொருந்தும். ஆனால் ஆகஸ்ட் 1 சனிக்கிழமை என்பதால் முதல் வரிசையில் இரண்டே நாள்கள். 31ஆம் தேதி தனியாக ஆறாவது வரிசையில் நிற்கும். இரண்டு நாள் விற்பனையை அடுத்த வாரத்தின் ஏழு நாள் விற்பனையோடு ஒப்பிட்டால் வியாபாரம் திடீரென ஏறிவிட்டதுபோல் தோன்றும்.

வாரத்தை உடைக்காமல் வைத்துக்கொள்ள மூன்றாவது முறை உண்டு. ஒரு வாரத்தின் வியாழக்கிழமை எந்த மாதத்தில் விழுகிறதோ, முழு வாரமும் அந்த மாதத்துக்கே. ஏழு நாளில் வியாழன் நடுநாள் என்பதால், வாரத்தின் பெரும்பகுதி எந்தப் பக்கம் என்பதை அதுவே காட்டிவிடும். ஆண்டின் வாரங்களை எண்ணும் ஐஎஸ்ஓ 8601 தரமும் வியாழனை வைத்துத்தான் முடிவுசெய்கிறது.

இதற்கு முதலில் அந்த வாரத்தின் திங்கட்கிழமை வேண்டும். B2 கட்டத்தில் திங்கள், C2 கட்டத்தில் வார எண்:

```
=INT(A2)-WEEKDAY(A2,3)
=INT((DAY(B2+3)-1)/7)+1
```

ஆகஸ்ட் 15க்குத் திங்கள் 10, வியாழன் 13. எனவே இரண்டாவது வாரம். ஆகஸ்ட் 1க்குத் திங்கள் ஜூலை 27, வியாழன் ஜூலை 30. அது ஜூலையின் ஐந்தாவது வாரம். ஆகஸ்ட் 31 செப்டம்பரின் முதல் வாரத்துக்குப் போய்விடும். அதனால் மாதத்தையும் `=MONTH(B2+3)` என்று வியாழனிலிருந்தே எடுக்க வேண்டும். A2-விலிருந்து எடுத்தால் ஆகஸ்ட் 1 'ஆகஸ்ட் ஐந்தாவது வாரம்' என்று பதிவாகிவிடும். சனிக்கிழமை கூலி கொடுக்கும் பட்டறைக்கும் வாராந்திர விற்பனை ஒப்பீட்டுக்கும் இந்த முறையே நல்லது. மாதக் கடைசியில் கணக்கை முடித்தே ஆகவேண்டிய கணக்கருக்கு மட்டும் இது ஒத்துவராது. ஆகஸ்ட் 31இன் செலவு அவருக்கு ஆகஸ்டில்தான் நிற்க வேண்டும்.

திங்களைக் கண்டுபிடிக்கப் பலர் `=A2-WEEKDAY(A2)+2` என்று எழுதுகிறார்கள். திங்கள் முதல் சனி வரை இது சரியாகவே வரும். ஞாயிறன்று மட்டும் மறுநாள் திங்களைக் காட்டும். ஆகஸ்ட் 2ஐப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஜூலை 27 வர வேண்டிய இடத்தில் ஆகஸ்ட் 3 வந்து நிற்கும். ஞாயிறு விடுமுறையான அலுவலகத்தில் இந்தப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

பில் போடும் மென்பொருளிலிருந்து வரும் தேதிகளோடு நேரமும் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். மேலே B2-வில் INT(A2) என்று போட்டது அதற்காகத்தான். அது இல்லாவிட்டால் திங்கள் காலை 10 மணியும் திங்கள் மாலை 4 மணியும் வெவ்வேறு வாரங்களாகப் பிரிந்து, ஒரே தேதி அறிக்கையில் பல வரிகளில் வரும். திங்களுக்குப் பதில் 46244 என்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது ஆகஸ்ட் 10தான், கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும். #VALUE! வந்தால் A2-வில் இருப்பது தேதி அல்ல, தேதிபோல் தெரியும் எழுத்து. `=ISNUMBER(A2)` FALSE என்று காட்டினால் அது உறுதி.

மூன்றாவது முறையைத் தேர்ந்தால் கூட்டல்களை வார எண்ணை வைத்துப் பிரிக்காமல் B2-வின் திங்கள் தேதியை வைத்துப் பிரிப்பதே பாதுகாப்பு. 'இரண்டாவது வாரம்' ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வரும். 2026 ஆகஸ்ட் 10 ஒரே முறைதான் வரும். வார எண்ணை அறிக்கையின் தலைப்பில் காட்டினால் போதும்.